கிளார்க் கென்ட்டின் கண்ணாடி யாரை ஏமாற்றும்?

மூக்குக் கண்ணாடியை மாட்டினால் நிருபர் கிளார்க் கென்ட், கழற்றினால் சூப்பர்மேன். 1938 முதல் நடந்துவரும் இந்த வேடத்தைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் கேலி செய்பவர்கள் நினைப்பதைவிட அந்தக் கண்ணாடி கெட்டிக்காரத்தனமானது.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் அறியாத முகங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இருவரும் ஒரே ஆளா என்று கேட்டார்கள். இரண்டு படத்திலும் கண்ணாடி இருந்தாலோ, இரண்டிலுமே இல்லாவிட்டாலோ, ஏறக்குறைய 80 சதவீத விடைகள் சரியாக இருந்தன. ஒன்றில் மட்டும் கண்ணாடி இருந்தபோது அது சுமார் 74 ஆகக் குறைந்தது. ஆறு புள்ளிதானே என்று தோன்றலாம். கண்ணாடியைத் தவிர வேறெந்த வேடமும் போடாமல் கிடைத்த ஆறு அது. கென்ட்டோ முடியை வேறு விதமாக வாருகிறான், கூனிக் குறுகி நடக்கிறான், குரலையும் மாற்றிக்கொள்கிறான்.

அறிமுகமில்லாத முகத்தை நாம் தலைமுடி, முக விளிம்பு போன்ற வெளிப்புற அடையாளங்களை வைத்தே பெரிதும் நினைவில் கொள்கிறோம். அவை மாறினால் தடுமாறுகிறோம். பழகப் பழகத்தான் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பு மனதில் பதிகிறது. அதன்பின் கண்ணாடியோ தொப்பியோ நம்மை எளிதில் ஏமாற்றாது. ஆக, கென்ட் வாழும் மெட்ரோபாலிஸ் நகர மக்கள் ஏமாறுவது நம்பத்தக்கது. அதே அலுவலகத்தில் தினமும் அவனோடு வேலை பார்க்கும் லோயிஸ் லேன் ஏமாறுவதுதான் கதையின் ஓட்டை. 1991இல் கென்ட் தானாகவே அவளிடம் உண்மையைச் சொல்லும்வரை கதாசிரியர்கள் அதை அடைக்கவில்லை.

வேடம் அந்நியர்களிடம் பலிக்கிறது. அதற்கான விலையை நெருக்கமான உறவுகளில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரகசியங்களைப் பற்றி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த விலையைச் சற்று வேறு கோணத்தில் காட்டுகிறது. ரகசியத்தைப் பிறரிடம் மறைக்க நேரும் தருணங்களைவிட, தனியே இருக்கும்போது மனம் அதையே சுற்றிவரும் தருணங்கள்தான் அதிகம். மனநலம் குன்றுவதும் அப்படிச் சுற்றிவருவதோடுதான் கூடுதலாகத் தொடர்புடையதாக இருந்தது.

ஸ்பைடர்மேன் கதையில் இதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஸ்பைடர்மேனாக வேடமிடும் பீட்டர் பார்க்கரின் காதலி க்வென். அவளுடைய தந்தை 1970இல் வந்த இதழில் இறக்கிறார். ஸ்பைடர்மேன்தான் காரணம் என்று அவள் நம்புகிறாள். ஸ்பைடர்மேனை வெறுத்து அழும் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவனும் பீட்டர் பார்க்கர்தான். தன் தரப்பைச் சொல்ல வேண்டுமானால் முதலில் முகமூடியைக் கழற்ற வேண்டும். அவன் கழற்றவில்லை. எதிரி கிரீன் காப்ளினுக்கோ 1966லேயே உண்மை தெரியும்; அதை வைத்துத்தான் அவன் 1973இல் க்வென்னைக் கடத்திக் கொண்டுபோகிறான். பாலத்தின் உச்சியிலிருந்து விழுந்து இறக்கும்வரை, தன்னை எதற்காகப் பிடித்து வந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.