பயிர்க் காப்பீடு: ரசீதில் உள்ள கிராமப் பெயரைப் பாருங்கள்

சம்பா அறுவடை முடிந்து இழப்பீட்டுப் பட்டியல் வெளியானதும், ‘பிரீமியம் கட்டினேன், பணம் வரவில்லை’ என்று வேளாண் விரிவாக்க மையத்துக்கு வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இம்முறை வந்த விவசாயி, மூழ்கிய தன் வயலின் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கேட்டதோ பதிவு ரசீதை. நிலம் இருக்கும் கிராமத்துக்குப் பதிலாக அவர் குடியிருக்கும் கிராமத்தின் பெயர் அதில் இருந்தது. நிலமுள்ள கிராமத்துக்கு இழப்பீடு உண்டு. ரசீதில் இருந்த கிராமத்துக்கு இல்லை.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பொதுவாக உங்கள் வயலை மட்டும் தனியே அளப்பதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமத்திலோ குறுவட்டத்திலோ பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கிடைத்த சராசரி மகசூலை உத்தரவாத மகசூலுடன் ஒப்பிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் பலர் நம்ப மறுப்பது இதைத்தான். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, பரிசோதனையில் கிடைத்தது 1,500 கிலோ, காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைவு கால் பங்கு என்பதால் ஏக்கருக்கு 9,000 ரூபாய் வரும். உங்கள் வயலில் 500 கிலோதான் கண்டது என்றாலும் அதே 9,000. கிராமச் சராசரி 2,000-ஐத் தொட்டுவிட்டால் உங்களுக்கும் ஒன்றுமில்லை.

ராபிப் பருவமான சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, அதாவது மேற்சொன்ன கணக்கில் ஏக்கருக்கு 540 ரூபாய். காரீப் உணவுப் பயிர்களுக்கு 2, வணிக, தோட்டப் பயிர்களுக்கு 5 விழுக்காடு வரை. மீதியை மத்திய, மாநில அரசுகள் செலுத்துகின்றன. 2020 காரீப் முதல் கடன் பெற்றவருக்கும் இது கட்டாயமில்லை. ஆகவே, ‘பயிர்க்கடன் இருக்கிறது, சங்கத்திலேயே பிடித்திருப்பார்கள்’ என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

பதிவுக்குச் சிட்டா, நடப்புப் பருவ அடங்கல் அல்லது கிராம நிர்வாக அலுவலர் தரும் விதைப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவை போதும். கடைசி நாள் பயிருக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் அந்தப் பருவத்தின் அறிவிக்கையைப் பாருங்கள். அடங்கலைக் கடைசி வாரத்தில் கேட்டால், ஊரே அதற்காக வரிசையில் நிற்கும்.

அறுவடைக்குப் பிந்தைய இழப்போ தனி வயலாக மதிப்பிடப்படுகிறது. அறுத்து வயலில் காயப்போட்ட பயிர், அறுத்த 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ சேதமானால், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வங்கி, வேளாண் அலுவலகம் வழியாகவோ தெரிவிக்க வேண்டும். மழை விடட்டும் என்று நான்காம் நாள் வருபவருக்கு எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை.

பொது சேவை மையத்தில் பணம் கட்டியதும் எழுந்து வந்துவிடாமல், வருவாய் கிராமம், புல எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் ஆகியவை அடங்கலில் உள்ளபடியே ரசீதில் பதிவாகியுள்ளனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். பதிவுக் காலம் முடிவதற்குள் கண்டுபிடித்த பிழையைத்தான் திருத்த வழியுண்டு.