நான்கு முறையும் சரியாகச் சொன்னவர்

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. "அண்ணே, சனிக்கிழமை ஆட்டத்துல மொத்தம் மூணு கோலுக்குக் குறையாது. காசு எதுவும் வேணாம், சும்மா பாருங்க." ஆட்டம் 2-1 என்று முடிகிறது. அடுத்த வாரம் வந்த செய்தியும் பலிக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஐந்தாவது வாரம் பேச்சு மாறுகிறது: "இது கேலோங் ஆட்டம், ஆட்டக்காரங்களை விலைக்கு வாங்கியாச்சு. ஸ்கோரே நம்ம கையில இருக்கு. வி.ஐ.பி. குழுவுக்கு 300 வெள்ளி."

நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டிய பட்டணங்களில் பந்துப் பேச்சு இல்லாத ஒட்டுக்கடை கிடையாது. "நாலு தடவையும் சொன்ன மாதிரியே ஆச்சுண்ணே, என் கண்ணால பார்த்தேன்" என்று அங்கே ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நான்கும் உண்மையிலேயே பலித்திருக்கின்றன. ஆனால் அப்படிப் பலிக்கவைக்க அனுப்பியவருக்குப் பந்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அவரிடம் 640 கைப்பேசி எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோயில் திருவிழாக் குழு, பந்துப் போட்டிக்கான குழு என்று ஏதோ ஒன்றில் நுழைந்தால் இவ்வளவு எண்கள் கிடைத்துவிடும். முதல் வாரம் 320 பேருக்கு "மூன்று கோல் அல்லது அதற்கு மேல்" என்று அனுப்புகிறார். மீதி 320 பேருக்கு "இரண்டு கோலுக்கு மேல் போகாது" என்று அனுப்புகிறார். ஆட்டம் எப்படி முடிந்தாலும் சரியான செய்தி 320 பேரிடம் இருக்கும். தவறான செய்தி பெற்றவர்களை விட்டுவிட்டு, மிச்சமுள்ளவர்களை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார். இரண்டாம் வாரம் முடிந்ததும் 160 பேர், மூன்றாம் வாரம் 80, நான்காம் வாரம் 40.

இந்த 40 பேரும் நான்கு வாரம் தொடர்ந்து பலித்ததைப் பார்த்தவர்கள். இதில் அதிர்ஷ்டத்துக்கும் இடமில்லை. 40 பேர் மிஞ்சுவது முதல் நாளே நிச்சயமான கணக்கு. அவர்களில் 15 பேர் பணம் கட்டினால் 4,500 வெள்ளி. அந்த 15 பேரையும் மறுபடி பிரிக்கலாம். தோற்றவர்களுக்கு "கடைசி நேரத்துல ஆட்டக்காரர் ஒருத்தருக்குக் காயம், அடுத்தது இலவசம்" என்று ஒரு பதில் போகும். முதல் வாரமே கழன்ற 320 பேருக்கு வேறு எண்ணிலிருந்து, வேறு பெயரில் புதிய ஆள் வருவார்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஏனென்றால் தவறான செய்தி வந்தவர் அன்றே மறந்துவிடுகிறார், ஒட்டுக்கடையில் பேசுவதும் இல்லை. ஆனால் சின்னப் பட்டணத்தில் ஒரு வசதி உண்டு. எண்களை ஒரே குழுவிலிருந்து எடுத்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் செய்தி வந்திருக்கும். முதல் வாரச் செய்தியை அவருடைய கைப்பேசியில் தேடிப் பாருங்கள். அதே எண், அதே ஆட்டம், நேர்மாறான கணிப்பு இருந்தால் விஷயம் முடிந்தது. உங்களைப் போலவே நான்கும் பலித்தவரிடம் கேட்டுப் பயனில்லை. பாதியில் செய்தி நின்றுபோனவரிடம்தான் கேட்க வேண்டும்.

டெலிகிராமில் இவ்வளவு உழைப்புகூடத் தேவையில்லை. யாரும் சேராத ஒரு சேனலைத் தொடங்கி, ஆட்டத்துக்கு முன்பே 1-0, 2-0, 2-1, 1-1 என்று வழக்கமாக வரும் ஸ்கோர்களைத் தனித்தனிப் பதிவாகப் போட்டுவிடுவார்கள். ஒரு பன்னிரண்டு ஸ்கோர் போட்டால் பெரும்பாலான ஆட்டங்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் சரியான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். பிறகுதான் சேனலுக்கு ஆள் சேர்ப்பார்கள். மிஞ்சிய பதிவில் காட்டும் நேரம் உண்மையானது, ஆட்டத்துக்கு முந்தியது. திருத்தியதற்கான அடையாளமும் இருக்காது, ஏனென்றால் யாரும் அதைத் திருத்தவில்லை.

தடயம் வேறு இடத்தில் இருக்கிறது. சேனலில் போடும் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. பதிவின் இணைப்பை நகலெடுத்தால் அதன் கடைசியில் அந்த எண் தெரியும். பலித்த கணிப்பின் இணைப்பு /31 என்றும், அதற்கு அடுத்ததாகத் தெரியும் பதிவு /44 என்றும் முடிந்தால், நடுவில் இருந்த பன்னிரண்டு எங்கே போயின? ஒரே பதிவில் நாலைந்து படம் சேர்த்துப் போட்டாலும் எண் தாவும், அதனால் சின்ன இடைவெளியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வெற்றிக்குப் பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு எண்கள் காணாமல் போயிருந்தால் அது தற்செயல் அல்ல.

சரி, உண்மையிலேயே கேலோங் நடப்பதில்லையா? நடக்கிறது. 1994இல் நம் மலேசிய லீக்கே அதில் சிக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஏமாற்றுக்காரர்களுக்கு இந்தப் பழைய கதைதான் மூலதனம். "நம்ம நாட்டுலயே நடந்துச்சே" என்றால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் நிஜமாக விலைக்கு வாங்கும் கும்பலால் எதைச் செய்ய முடியும் என்று பாருங்கள். ஒரு அணியின் கோல்காப்பாளரையும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களையும் வாங்கினால், அந்த அணியைத் தோற்கவைக்கலாம். இரண்டு கோல் வித்தியாசத்திலாவது தோற்கச் சொல்லலாம். அதற்குத் தோதான பந்தயம் கோல் வித்தியாசமும் மொத்த கோலும்தான். சரியாக 2-1, அதுவும் முதல் பாதி 0-1 என்று முடிக்க வேண்டுமானால் எதிரணியும் சொன்ன நேரத்தில் கோல் போட வேண்டும், அதற்குப் பிறகு போடாமலும் இருக்க வேண்டும். காசு வாங்காதவன் உதைத்த பந்து ஒன்று யார் மேலாவது பட்டு உள்ளே போனாலே எல்லாம் பாழ்.

அப்படியிருக்க வி.ஐ.பி. குழுவில் விற்பது பெரும்பாலும் துல்லியமான ஸ்கோரும், பாதி நேரத்தில் பின்தங்கிய அணி கடைசியில் ஜெயிக்கும் என்பதும்தான். காரணம் எளிது. ஒரு வெள்ளிக்கு இருபது இருபத்தைந்து வெள்ளி கொடுப்பது அந்த வகைப் பந்தயம்தான், 300 வெள்ளிக் கட்டணம் சின்னதாகத் தெரிய வேண்டுமே. முடிவு உறுதியாகத் தெரிந்தவர் தன் 500 வெள்ளியைப் போட்டால் பன்னிரண்டாயிரம் எடுக்கலாம். ஊருக்குச் சொன்னால் எல்லாரும் அதன் மேலேயே கட்டுவார்கள், பந்தய விகிதம் விழும், கண்காணிப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். ரகசியத்தை விற்பது அவருக்கே நஷ்டம்.

பணம் கட்டும்போது கணக்கின் பெயரைக் கவனியுங்கள். குழு நடத்துபவர் பெயர் ஒன்று, பணம் போகும் கணக்கில் வேறு யாரோ தனி ஆளின் பெயர் என்றால், அது பெரும்பாலும் வாடகைக்கு வாங்கிய கணக்கு. நம்மூரில் கெல்டாய் கணக்கு என்பார்கள். போலீசின் semakmule.rmp.gov.my தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டால், அதன்மேல் புகார் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். நேற்றுத்தான் வாடகைக்கு எடுத்த கணக்கிலும் புகார் இருக்காது.

பணம் போன பிறகு பலர் வாய் திறப்பதில்லை. அனுமதியில்லாத பந்தயம் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம், போலீசுக்குப் போனால் நம்மையே பிடிப்பார்களோ என்ற பயம். விற்பவர் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான். ஆனால் இல்லாத ஒன்றைப் பொய் சொல்லி விற்பது தனிக் குற்றம். மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதற்கு 420தான். அழைக்க வேண்டியது தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணை, கூடவே உங்கள் வங்கியை. கெல்டாய் கணக்கில் விழுந்த பணம் அங்கே தங்காது, சில நிமிடங்களிலேயே அடுத்த கணக்குக்கு மாறலாம். அதனால் குழுவில் கெஞ்சிப் பார்த்துவிட்டு நாளைக்கு அழைக்கலாம் என்று இருக்க வேண்டாம். உரையாடலையும் அழிக்காதீர்கள், குழு எண்ணும் பணம் அனுப்பிய ரசீதும் புகாருக்குத் தேவைப்படும்.