ஸ்லைடை நீளம் பார்த்து வெட்டாதீர்கள்

காரைக்குடியில் பேச்சாளர்களுக்கு ஸ்லைடு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கட்டடக்கலை மாணவர்களிடம் பேசுவதற்காக ஒரு பக்கம் நெருக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். அவர் மகன் அதைச் சரிபாதியாகப் பிரித்து, 'செய்முறை', 'செய்முறை – தொடர்ச்சி' என்று இரண்டு ஸ்லைடு ஆக்கியிருந்தார். அடங்காத எழுத்தைப் பவர்பாயிண்ட் தானாகவே சிறிதாக்கிவிடும். அப்படி எழுத்து சுருங்கினால், ஒரே ஸ்லைடில் இரண்டு மூன்று கருத்துகள் கிடக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

நான் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதுவேன். அவர் குறிப்பில் ஒரு பகுதி இது: "கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணத்தை ஊற்றுவோம், ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட் மணல் தூவுவோம், அப்புறம் ஈரக் கலவை வைத்து அழுத்துவோம், சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போடுவோம், கண்ணாடி பட்ட பக்கம் பளபளக்கும், ஆசிட் போட்டுக் கழுவக் கூடாது."

இதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன: எப்படி வார்ப்பது, எப்படி இறுகுகிறது, பளபளப்பு எங்கிருந்து வருகிறது, எப்படிப் பராமரிப்பது. ஆகவே நான்கு ஸ்லைடுகள். தலைப்பை 'இறுகுதல்' என்று ஒற்றைச் சொல்லாக விடாமல் பதிலாகவே எழுதுவேன்:

கல்லை இறுக்குவது தண்ணீர், நெருப்பு அல்ல
- சூளையில் சுடுவதில்லை
- சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்
- அதற்காகவே ஊறப்போடுகிறோம்

தலைப்பில் 'மற்றும்' போடாமல் முடியவில்லை என்றால், அந்த ஸ்லைடில் இன்னும் இரண்டு கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வரியைச் சுருக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. 'உலர்ந்த கலவை தூவுதல்' என்று மகன் சுருக்கியிருந்தார். ஏன் தூவுகிறோம் என்பது போய்விட்டது. 'உலர்ந்த கலவை, ஈரத்தை உறிஞ்ச' என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல் கூடியது, காரணம் திரும்பி வந்தது. பராமரிப்பு ஸ்லைடிலும் அப்படித்தான். 'ஆசிட் கூடாது' என்று மட்டும் போட்டால் மாணவர் மறந்துவிடுவார். 'ஆசிட் சிமெண்டை அரிக்கும்' என்றால் நினைவில் நிற்கும்.

இந்த வேலைக்கு `Outline View` வசதியானது. தலைப்பை அடித்து `Enter` தட்டினால் அடுத்த ஸ்லைடு வரும். `Tab` தட்டினால் அது முந்தைய தலைப்பின் கீழ் புள்ளி வரியாகிவிடும், `Shift+Tab` மறுபடி தலைப்பாக்கும். படம், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு போதும்.

"எல்லாமே முக்கியந்தான் தம்பி" என்றார் பட்டறைக்காரர். முக்கியமானதெல்லாம் திரையில் வரவேண்டியதில்லை. எத்தனை நாள் ஊறவேண்டும், எந்த மணல் என்பதையெல்லாம் ஸ்லைடுக்குக் கீழே உள்ள `Notes` பகுதியில் போட்டுக் கொடுத்தேன். வீட்டின் பர்மா தேக்குத் தூண்களைப் பற்றிய நான்கு வரிகள் மட்டும் எந்தக் கேள்விக்கும் பதிலாகவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று அவற்றைத் தனித்தாளில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.