பத்து வினாடி ஷாட்டும் பாட்டியின் கையும்

சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்ப்போம். போன மாதம் இருவரிடம் ஒரே காட்சியைத் தனித்தனியாக எடுத்து வரச் சொன்னேன். பழைய லயத்து வீட்டில் பாட்டி அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். ரப்பர் தோட்டத்துக்குள்ளே நடந்து வரும் பேரன், வீட்டைக் காலி செய்யச் சொல்லி மலாயில் வந்த கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொல்கிறான். நடிகர்கள், வீடு, கைப்பேசி எல்லாம் ஒன்றுதான். காட்சி சரியாக 2 நிமிடம் ஓட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தம்பி ஒன்று எடுத்தான், தங்கச்சி ஒன்று எடுத்தாள் (எங்கள் குழுவில் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்). பார்த்து முடித்ததும் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றே: இரண்டும் வேறு வேறு ஆள் எடுத்தவை. எதனால் அப்படித் தோன்றுகிறது என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை. சரி, அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை இடைவிடாமல் ஓடும் துண்டுதான் ஷாட். அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளந்து இயக்குநரின் பாணியைப் பேசும் முறையை 1974-இல் பேரி சால்ட் என்பவர் முன்வைத்தார். அவர் இயற்பியல் படித்தவர். மொத்த நேரத்தை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் கிடைக்கும். அளப்பதற்கு விஎல்சி என்ற வீடியோ பிளேயர் போதும். `E` விசையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் படம் ஒரு சட்டகம், அதாவது ஒரே ஒரு நிலைப்படம் மட்டும் நகரும், வெட்டு விழும் இடம் துல்லியமாகத் தெரியும். படம் நீளமென்றால் ffmpeg என்ற நிரல் மூலம் கணினியையே முதல் கணக்கெடுப்பு செய்யச் சொல்லலாம்:

```
ffmpeg -i kaatchi.mp4 -vf "select='gt(scene,0.3)',showinfo" -f null -
```

அடுத்தடுத்த இரு சட்டகங்கள் 0.3-க்கு மேல் மாறுபட்டால் இது வெட்டு என்று எடுத்துக்கொண்டு நேரத்தைச் சொல்லும். மின்னல் வெட்டினாலும் இது ஏமாந்து அதை வெட்டாகக் குறித்துவிடும். ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடத்தைக் கோட்டை விடும். அதனால் அது சொன்ன ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும். கரைவு வந்தால் அதன் நடுப்புள்ளியை வெட்டாக வைத்துக்கொள்கிறோம். இன்னொன்று: வினாடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படத்தைச் சில தொலைக்காட்சிப் பிரதிகளில் 25 ஆக ஓட்டியிருப்பார்கள். அதில் 10 வினாடி ஷாட் 9.6 வினாடியாகச் சுருங்கிவிடும். இரண்டு பிரதிகளை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பியின் ஷாட்டுகள் வினாடியில்: 8, 9, 10, 11, 9, 10, 12, 10, 11, 9, 10, 11. தங்கச்சியுடையவை: 5, 6, 4, 52, 7, 8, 6, 5, 6, 9, 7, 5. இரண்டிலும் 12 ஷாட், இரண்டிலும் மொத்தம் 120 வினாடி. சராசரி இரண்டுக்கும் 10.

அறையில் ஒரே சத்தம். "அப்போ ரெண்டும் ஒண்ணுதானா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். இல்லை. சராசரி ஏமாற்றும் இடம் இதுதான். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பாருங்கள். தம்பிக்கு 10, தங்கச்சிக்கு 6. அவளுடைய 52 வினாடி ஷாட் ஒன்றே சராசரியை மேலே இழுத்துவிட்டது. பெரும்பாலான படங்களிலும் குட்டி ஷாட்டுகள் நிறையவும் நீண்டவை கொஞ்சமும்தான் இருக்கும், அதனால் நடு எண் சராசரியைவிடக் கீழேதான் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே ஒரு தடயம். இடைவெளி பெரிதானால் எங்கோ ஒரு நீண்ட ஷாட் பதுங்கியிருக்கிறது, அதைத் தேடிப் போகலாம்.

ஒரே இயக்குநரிடமும் இந்த எண் நிலையாக இருப்பதில்லை. ஹிட்ச்காக் 1948-இல் எடுத்த 'ரோப்' 80 நிமிடப் படம், அதில் ஷாட்டுகள் பத்துக்குச் சற்று முன்பின். அவரே 1960-இல் 'சைக்கோ' குளியலறைக் காட்சியில் சுமார் 3 நிமிடத்தில் 50-க்கும் மேற்பட்ட வெட்டுகளை வைத்தார். ஆக வேகம் மட்டும் ஒருவரின் கைரேகை ஆகாது. எதற்காக வெட்டுகிறார், எதற்காக வெட்டாமல் விடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

அதனால் அடுத்து வெட்டு எங்கே விழுகிறது என்று குறித்தோம். தம்பியின் 11 வெட்டுகளில் 8, ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும் இடத்தில் விழுந்தன. யார் பேசுகிறாரோ அவர் முகம் திரையில். தங்கச்சியிடம் அப்படி விழுந்தவை 2 மட்டும். மற்றவற்றில் ஒருவர் குரல் கேட்கும்போது நாம் பார்ப்பது கேட்பவரின் முகம். இந்தக் கணக்கு எனக்குச் சராசரியைவிடப் பிடிக்கும்.

கேமரா நகர்வில்தான் சண்டை வந்தது. தம்பியின் முதல் ஷாட்டில் பேரன் மரங்களுக்கு நடுவே வருகிறான். படம் மெதுவாக அவனை நெருங்குகிறது. தம்பி கேமராவோடு நடந்தானா, நின்ற இடத்தில் ஜூம் செய்தானா? ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது பக்கத்து மரங்கள் வேகமாகவும் தூரத்து மரங்கள் மெதுவாகவும் போகும், நிரைகள் திறந்து திறந்து மூடும். கேமரா இடம்பெயர்ந்தால் அதே விஷயம் நடக்கும்: முன்மரம் பின்மரத்தை மறைப்பது மாறிக்கொண்டே போகும். ஜூமில் எல்லா மரமும் ஒரே விகிதத்தில் பெரிதாகும், எது எதை மறைத்திருந்ததோ அப்படியே மறைத்திருக்கும். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பினாலும் அப்படித்தான். தம்பியின் ஷாட்டில் நிரைகள் மூடித் திறந்தன. நடந்துதான் எடுத்திருக்கிறான்.

அவனுடைய கேமரா, திரையில் இருக்கும் ஆள் நகர்ந்தால் மட்டுமே நகர்கிறது. தங்கச்சியின் கடைசி 5 வினாடியில் பாட்டியும் பேரனும் அசையவில்லை, கேமரா மட்டும் பின்னே போகிறது. ஆள் நகர்வதால் கேமரா நகர்ந்தால் நமக்கு அது தெரியவே தெரியாது. யாரும் நகராதபோது நகர்ந்தால், யாரோ நம்மை அந்த வீட்டிலிருந்து வெளியே கூட்டிப்போவது போலத் தெரிகிறது.

அப்புறம் அந்த 52 வினாடி ஷாட். கேமரா வீட்டு முன்பக்க அஞ்சடித் தாழ்வாரத்துக்கு வெளியே, ஆணி அடித்தது போல நிற்கிறது. முன்னால் படிக்கட்டில் பேரன், முதுகு நமக்கு. அவன் தோளுக்குமேல் கதவு ஒரு சட்டம் போல. அதற்குள்ளே தூரத்தில் பாட்டி, திரையின் உயரத்தில் கால்வாசிகூட இல்லை. அவன் படிக்கிறான், அவள் அரிசி களைகிறாள். ஷாட் தொடங்கி 31-ஆவது வினாடியில் அந்தச் சலசலப்பு நின்றுவிடுகிறது. படிப்பது நிற்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது எங்களில் மூன்று பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

தம்பியின் படத்திலும் அந்தக் கை நிற்கிறது. அவனுடைய ஏழாவது ஷாட், 12 வினாடி, பட்டியலிலேயே நீளமானது: திரை முழுக்கப் பாட்டியின் கையும் கலங்கிய தண்ணீரும். யாரும் தவறவிட முடியாது. அவன் கண்ணை அங்கே கொண்டுபோய் வைக்கிறான். அவள் நம்மையே தேட விடுகிறாள், தேட நேரமும் கொடுக்கிறாள். அவள் 52 வினாடி வெட்டாமல் விட்டதற்கும் பாட்டியைச் சிறியதாக வைத்ததற்கும் காரணம் ஒன்றுதான். உருவம் சிறியதாக இருந்தால் கண்டுபிடிக்க நேரம் வேண்டும்.

ஒரு காட்சியை வைத்துப் பாணி என்று சொல்லிவிட முடியாது. சில சமயம் ஷாட் நீண்டதற்குக் காரணம், நடுவில் வெட்டிச் சேர்க்க எடுத்த இன்னொரு ஷாட் கெட்டுப்போனதாகவும் இருக்கும். அதனால் தங்கச்சி போன வருடம் எடுத்த இரண்டு குறும்படங்களையும் அதே அட்டவணையில் ஏற்றினோம். ஒன்றில் பேருந்து நிறுத்தம், 47 வினாடி. இன்னொன்றில் மருத்துவமனை நடைவழி, 39 வினாடி. இரண்டிலும் மோசமான செய்தி வரும் இடம் அதுதான். இரண்டிலும் செய்தியைக் கேட்பவர் தூரத்தில் சின்னதாக நிற்கிறார், பேசுபவரின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது.

அட்டவணையைக் காட்டினேன். மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இப்படிப் பண்றேன்னு எனக்கே தெரியாதுண்ணே" என்றாள்.