குழந்தைக்குப் பேச்சு வரவில்லையா? முதலில் காதைப் பரிசோதியுங்கள்: அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பவை

இரண்டு வயதாகியும் குழந்தை "அம்மா", "தா" என்று நாலைந்து சொல்லோடு நிற்கிறது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்பார் ஒருவர். "நாக்கைப் பாருங்க, ஒட்டியிருக்கும்" என்பார் இன்னொருவர். நாக்கில் வசம்பைத் தடவச் சொல்பவர்களும் உண்டு. குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று கேட்கிறவர்கள்தான் குறைவு. ஆனால் மருத்துவம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கான பரிசோதனை முதல் பேச்சுப் பயிற்சி வரை அரசுத் திட்டத்தில் பணம் கட்டாமல் பெற வழி இருக்கிறது.

அந்தத் திட்டத்தின் பெயர் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. 2013 முதல் நடக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. பிறவிக் காது கேளாமை, காது கேட்கும் திறன் குறைவு, மொழி வளர்ச்சித் தாமதம் மூன்றும் இதன் பட்டியலில் தனித்தனியாகவே இருக்கின்றன. நடமாடும் மருத்துவக் குழு ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். மருத்துவமனையில் இதை டி.இ.ஐ.சி என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். குழந்தைகள் மருத்துவர், காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த மையத்தின் அமைப்பு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அங்கன்வாடியில் குழு செய்வது கருவி வைத்துச் செய்யும் காதுப் பரிசோதனை கிடையாது. கேள்விப் பட்டியல் வைத்துக் கேட்பார்கள்: கூப்பிட்டால் திரும்புகிறதா, எத்தனை சொல் பேசுகிறது, கை காட்டிக் கேட்கிறதா. தாய் "திரும்புறானே" என்றால் அந்தக் கட்டத்தில் டிக் விழுந்துவிடும். குழு வந்த அன்று குழந்தை காய்ச்சலில் வீட்டில் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே "கேம்ப்ல பார்த்தாங்க, ஒண்ணும் இல்லைன்னாங்க" என்பதைக் காது நன்றாக இருப்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டு தராவிட்டாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகள் நலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, "பேச்சு தாமதமா இருக்கு, காது டெஸ்ட் பண்ணணும்" என்று கேட்கலாம்.

கூப்பிட்டால் திரும்புவது ஏன் போதாது? காது கேளாமை என்றால் முழுச் செவிடு என்றே நாம் நினைக்கிறோம். நடுத்தரக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாத்திரம் விழும் சத்தமும் பைக் சத்தமும் கேட்கும். அம்மா பக்கத்தில் வந்து உரக்கக் கூப்பிட்டால் கேட்கும். ஆனால் ச, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். "பசிக்குதா" என்பதில் உயிரொலிகள் மட்டும் மங்கலாக வந்து சேரும். அப்படிப்பட்ட குழந்தை பெரும்பாலும் நம் முகத்தையும் கையையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்கிறது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இரண்டு வயது இரண்டு மாத ஆண் குழந்தை. பத்துச் சொற்கள் பேசுகிறான், இரண்டைச் சேர்த்துச் சொல்வதில்லை. செருப்பைக் காட்டி "எடுத்துட்டு வா" என்றால் ஓடிப்போய் எடுத்து வருகிறான். புரிதல் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் நிம்மதி. பயிற்சியாளர் அம்மாவை அவன் முதுகுப் பக்கம் நிற்க வைத்து, கையைக் காட்டாமல், சாதாரணக் குரலில் "பந்து எங்கே?" என்று கேட்கச் சொல்கிறார். அவன் திரும்பவில்லை. அதே கேள்வியை முன்னால் வந்து, புருவத்தை உயர்த்தி, கையை விரித்துக் கேட்டதும் பந்தை எடுக்கிறான். பிறந்தபோது எடை குறைவு, சில நாள் இன்குபேட்டரில் இருந்தான், தாயும் தந்தையும் மாமன் மகள், அத்தை மகன் என்ற விவரங்கள் கேட்ட பிறகுதான் வெளியே வருகின்றன. மூன்றுமே காதுக் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை. கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா ஆகியவையும் அதே வரிசையில் வரும். இவற்றில் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஓ.ஏ.இ. என்ற சோதனை. காதில் சின்ன முனை ஒன்றை வைத்து ஒலி அனுப்பினால் உள்காது திருப்பித் தரும் மெல்லிய எதிரொலியைக் கருவி பதிவு செய்யும். சில நிமிடம்தான், வலி இல்லை, ஆனால் குழந்தை அழாமல் இருக்க வேண்டும். "பாஸ்" அல்லது "ரெஃபர்" என்று வரும். ரெஃபர் என்றால் காது போய்விட்டது என்று பொருள் இல்லை, அடுத்த சோதனை தேவை என்று பொருள். அதில் ஒன்று செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி. சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் இதில் தெரியும். அப்படியிருந்தால் பெரும்பாலும் மூன்று மாதம் பொறுத்துத் திரும்பச் சோதிப்பார்கள். பலருக்கு நீர் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் அடுத்ததைச் சொல்வார்.

இன்னொன்று பெரா. தலையில் சிறு ஒட்டுகள் வைத்து, ஒலி மூளைத்தண்டு வரை போகிறதா, எவ்வளவு மெல்லிய ஒலி வரை போகிறது என்று அளப்பது. குழந்தை ஆழ்ந்து தூங்கினால்தான் நடக்கும். காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப்போனால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். தேவைப்பட்டால் மருத்துவர் தூக்க மருந்து தருவார். இன்குபேட்டரில் இருந்த குழந்தைக்கும் கடும் காமாலை வந்த குழந்தைக்கும் ஓ.ஏ.இ. பாஸ் ஆனாலும் பெரா வேண்டும். உள்காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ.-யில் அது தெரியாது. பிறந்தபோது செய்த சோதனை பாஸ் என்று வீட்டில் இருக்கும் சீட்டையும் நம்பி நிற்க வேண்டாம். சில குறைபாடுகள் பிறகு வருபவை.

எடுத்துக்காட்டில் பார்த்த அந்தக் குழந்தைக்கு இரண்டு காதிலும் 55 டெசிபல் என்று பெராவில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரக் குறைபாடு. இவனுக்கு முதலில் காது கேட்கும் கருவி, அதோடு பேச்சுப் பயிற்சி. கருவிக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் உதவுகின்றன. மிகக் கடுமையான குறைபாடு இருந்து, கருவி பயன் தராத குழந்தைக்கு, உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதன் பின்னான கேட்டல் பயிற்சியும் இதில் சேரும். ஆறு வயது என்று எழுதியிருப்பதால் அதுவரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒலியைக் கேட்டு மொழியாக்கப் பழகும் மூளையின் திறன் மூன்றரை வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும்.

சரி, எல்லாச் சோதனையிலும் காது நன்றாகவே இருக்கிறது என்று வந்தால்?

அப்போதுதான் "இயல்பான வேறுபாடா" என்ற கேள்வி வருகிறது. குழந்தைக்குக் குழந்தை பேச்சு மாறும் என்பது உண்மைதான். இரண்டு வயதில் ஐம்பது சொல்லுக்குக் குறைவாகவோ, இரண்டு சொல்லைச் சேர்க்காமலோ இருக்கும் குழந்தைகள் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளி போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். ஆண் குழந்தைகள் தாமதம் என்பதும் சராசரியில் ஓரிரு மாதம்தான், அதை வைத்து ஒரு வருடம் தள்ளிப்போட முடியாது. வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசினால் இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நாக்கு ஒட்டு இருந்தால் சில எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம், பேச்சே வராமல் போக அது காரணம் ஆகாது. வசம்பு, தேன் தடவுவதால் சொல் வராது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தும்கூட.

எட்டிப்பிடிக்கக்கூடிய குழந்தையை எப்படி அறிவது? சொல் குறைவாக இருந்தாலும் சொன்னது புரிய வேண்டும், அதுவும் கை காட்டாமல். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும், காக்கா பறந்தால் "பார்" என்பதுபோல நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும், மாதத்துக்கு மாதம் புதுச் சொல் ஒன்றிரண்டாவது சேர வேண்டும். இவையெல்லாம் இருந்தால் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தந்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அந்தத் தேதியில் போவது முக்கியம். எண்ணிக்கை மறக்காமல் இருக்க, குழந்தை சொல்லும் சொற்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வாருங்கள்.

சில நிலைகளில் மதிப்பீடு செய்யாமல் இந்த மூன்று மாதமும் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதில் மழலையோ கைச்சைகையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை, சொன்னது புரியவில்லை, பெயர் சொன்னால் முகம் பார்ப்பதில்லை என்றால் உடனே மதிப்பீடு வேண்டும். வந்த சொல் எந்த வயதில் நின்றுபோனாலும் அப்படித்தான். இவர்களுக்கு ஆட்டிசம் தொடர்பான மதிப்பீடும் அதே மையத்தில் நடக்கும்.

பேச்சுப் பயிற்சி என்றதும் குழந்தையை அறைக்குள் விட்டு வெளியே காத்திருப்பது என்று எண்ணிப் பலர் வருகிறார்கள். இந்த வயதில் பயிற்சி பெரும்பகுதி பெற்றோருக்குத்தான். வாரம் ஒருமுறை அரைமணி நேரத்தில் அங்கே நடப்பதைவிட, குளிக்கும்போதும் சோறூட்டும்போதும் வீட்டில் நடப்பதுதான் சொல்லைச் சேர்க்கிறது. குழந்தை "பா" என்று பாலைக் காட்டினால் "பால் வேணுமா, பால் சூடு" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்வது, கேட்ட பிறகு பத்து வரை மனதில் எண்ணிக் காத்திருப்பது, செல்போனை அணைத்து வைப்பது. இவற்றைச் செய்து காட்டி, உங்களைச் செய்யச் சொல்லித் திருத்த வேண்டும். அப்படிச் செய்யாத இடத்தில் நீங்களே கேளுங்கள். காதுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்காமல் யாராவது பயிற்சியைத் தொடங்கினால், முதலில் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

போகும்போது தாய் சேய் நல அட்டை, பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றை எடுத்துப் போங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வருமானச் சான்றிதழ் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் அதே வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.