ஷாஃப்ட்டைத் தூக்குவது பம்ப் இல்லை: ஜர்னல் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் உருவாகும் கதை

ஜர்னல் பேரிங்கில் குண்டும் கிடையாது, ரோலரும் கிடையாது. ஒரு உலோகப் புஷ், அதற்குள் கொஞ்சம் தளர்வாக ஒரு ஷாஃப்ட், நடுவில் எண்ணெய், அவ்வளவுதான். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டும் மின் நிலையத்து டர்பைனும் இதன் மேல்தான் சுற்றுகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஷாஃப்ட்டும் புஷ்ஷும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அதைக் கேட்டதும் பலர் நினைப்பது, ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தம்தான் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று. அது தவறு. சாதாரண ஜர்னல் பேரிங்கில் பம்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. தூக்குவதற்கான அழுத்தத்தை ஷாஃப்ட் தன் சுழற்சியாலேயே உண்டாக்கிக்கொள்கிறது.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் இங்கிலாந்தின் பீச்சம்ப் டவர். 1883 வாக்கில் ரயில் அச்சுகளின் பேரிங்கில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். ஷாஃப்ட்டின் அடிப்பக்கம் எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுற்றும், பித்தளைப் பேரிங் மேலே உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டால், அதன் வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கட்டையால் அடைத்துப் பார்த்தார்கள், கட்டையையே தள்ளிக்கொண்டு வந்தது. சரி என்று அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினார்கள். பேரிங் மேலிருந்த சுமையின் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானி காட்டியதோ 200-க்கும் மேல். அங்கே பம்ப் என்று எதுவுமே இல்லை என்பதுதான் விஷயம். அது எப்படி என்பதற்கான கணித விளக்கத்தை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கொடுத்தார், இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பது அந்தச் சமன்பாட்டை வைத்துத்தான்.

ஒரு பேரிங்கை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷாஃப்ட் விட்டம் 50 மில்லிமீட்டர், பேரிங்கின் நீளமும் 50. கீழ்நோக்கி அழுத்தும் சுமை 5000 நியூட்டன். ஷாஃப்ட்டைச் சரியாக மையத்தில் நிறுத்தினால் சுற்றிலும் 25 மைக்ரான் இடைவெளி இருக்கும், அதாவது தலைமுடியின் தடிமனில் பாதிக்கும் குறைவு. எண்ணெயின் பாகுநிலை, ஓடும் வெப்பநிலையில், 0.02 பாஸ்கல் விநாடி. அப்புறம் ஒன்று முக்கியம்: எவ்வளவு பளபளப்பாகக் கடைந்தாலும் உலோகப் பரப்பில் மேடு பள்ளம் இருக்கும். ஷாஃப்ட்டின் சொரசொரப்பையும் புஷ்ஷின் சொரசொரப்பையும் சேர்த்து 0.9 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம்.

மெஷின் நின்றிருக்கும்போது ஷாஃப்ட் புஷ்ஷின் அடியில் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தொடும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இடைவெளி மெல்ல விரிந்து போகிறது, ஆப்பு வடிவத்தில். இந்த ஆப்பு வடிவம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், ஆனால் சுழற்சி இல்லாதவரை அதனால் பயனில்லை.

இப்போது மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கிறோம், நிமிடத்துக்கு 10 சுற்று. ஷாஃப்ட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது என்றால் அதன் அடிப்பரப்பு இடப்பக்கம் நகரும். உலோகம் உலோகத்தைப் பற்றுவதால் ஷாஃப்ட் புஷ்ஷின் சுவரில் வலப்பக்கமாகக் கொஞ்சம் ஏறப் பார்க்கும், சக்கரம் மேட்டில் ஏறுவது போல. இந்தக் கட்டத்தில் சுமையைத் தாங்குவது மேடுகளின் நுனிகள்தான். உலோகம் முழுக்க வெறுமையாக உரசுவதில்லை. எண்ணெயில் உள்ள சில மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய போர்வை மாதிரி நிற்கும். இதற்கு எல்லை உயவு என்று பெயர். இங்கே எண்ணெய் கெட்டியா நீர்த்ததா என்பது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை, அதில் என்ன சேர்மானங்கள் கலந்திருக்கின்றன என்பதுதான் பொருட்டு. உராய்வுக் குணகம் சுமார் 0.1.

வேகம் கூடக்கூட வேறொன்று தலைகாட்டுகிறது. எண்ணெய் ஷாஃப்ட்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் போகும், புஷ்ஷின் பரப்பில் ஒட்டியது நகராமல் நிற்கும், நடுவில் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில். ஆக இழுத்துச் செல்லப்படும் எண்ணெயின் அளவு இடைவெளியைப் பொறுத்தது. அகலமான இடத்தில் நிறைய எண்ணெய் உள்ளே வருகிறது, குறுகிய இடத்தில் அவ்வளவும் வெளியே போக முடியாது. ஆனால் எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாதே. அதனால் குறுகலுக்குக் கொஞ்சம் முன்னால் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பின்னால் வரும் எண்ணெயைத் தடுக்கிறது, முன்னால் போவதை வேகமாகத் தள்ளுகிறது, ஓரங்களில் கொஞ்சத்தைப் பிதுக்கி வெளியேற்றுகிறது. இப்படித்தான் கணக்கு சமனாகிறது. அதே அழுத்தம் ஷாஃப்ட்டையும் தள்ளுகிறது. நம் எடுத்துக்காட்டில் எண்ணெய் ஆப்புக்குள் நுழைவது வலப்பக்கத்திலிருந்து, எனவே ஷாஃப்ட் மேலே எழும்பி இடப்பக்கமாக ஒதுங்குகிறது. முதலில் வலப்பக்கம் ஏறப் பார்த்தது இப்போது எதிர்ப்பக்கம் போய்விட்டது.

நிமிடத்துக்கு 30 சுற்றில், கணக்குப்படி மிகக் குறுகிய இடத்தில் படலத்தின் தடிமன் முக்கால் மைக்ரான் அளவுதான் வருகிறது. சொரசொரப்பு 0.9 மைக்ரான் என்றோம். ஆகவே சுமையில் ஒரு பங்கை எண்ணெய் தாங்குகிறது, மீதியை இன்னும் உரசிக்கொண்டிருக்கும் மேடுகள் தாங்குகின்றன. இது கலப்பு உயவு. 100 சுற்றில் படலம் 2.4 மைக்ரான். சொரசொரப்பைப் போல மூன்று மடங்கு தடிமன் வந்துவிட்டால் மேடுகள் தொடுவதில்லை என்பது பொதுவான அளவுகோல். நம் பேரிங்கில் அது 120 சுற்றை ஒட்டி நடக்கிறது. அந்த இடத்தில் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.001, ஆரம்பத்தில் இருந்ததில் நூறில் ஒரு பங்கு.

அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் உராய்வு இன்னும் இறங்கும் என்று தோன்றும். இறங்காது, திரும்ப ஏறும். இப்போது உரசல் முழுக்க எண்ணெய்க்குள்ளேயே நடக்கிறது, அடுக்கு மேல் அடுக்கு வழுக்குவதால் வரும் எதிர்ப்பு வேகத்தோடு கூடத்தான் செய்யும். 1500 சுற்றில் படலம் 15 மைக்ரான் ஆகிவிடுகிறது, குணகம் 0.0056. இழக்கும் திறன் சுமார் 110 வாட். அதே வேகத்தில் படலம் இல்லாமல் எல்லை உயவிலேயே ஓடினால் 2000 வாட் அந்தச் சின்னப் பேரிங்கில் சூடாக இறங்கும், சில நொடிகளிலேயே வேலை முடிந்துவிடும். சுமை தரும் சராசரி அழுத்தம் 2 மெகாபாஸ்கல்தான் என்றாலும் படலத்தில் உச்ச அழுத்தம் 4 மெகாபாஸ்கலைத் தொடும், அதாவது 40 பார். பம்பிலிருந்து வரும் எண்ணெய்க்குச் சில பார் அழுத்தம்தான் இருக்கும். அதனால்தான் எண்ணெய் உள்ளே வரும் பள்ளத்தைச் சுமை விழும் பகுதியில் வெட்டக்கூடாது. அங்கே வெட்டினால், சேர்ந்த அழுத்தமெல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியாக வடிந்துவிடும்.

உராய்வு இறங்கிப் பின் ஏறும் இந்த வளைகோட்டை ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் விரிவாக அளந்து வெளியிட்டார், அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். கிடையச்சில் வேகத்தை மட்டும் போடாமல் ηN/P என்று போடுவது வழக்கம்: பாகுநிலையை வேகத்தால் பெருக்கி அழுத்தத்தால் வகுத்தது. வேகம் இரண்டு மடங்கானாலும் எண்ணெய் இரண்டு மடங்கு கெட்டியானாலும் சுமை பாதியானாலும் படலத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விஷயம் தெரியவருகிறது. எண்ணெய் பேரிங்கில் ஏற்கெனவே இருக்கிறது என்றால், ஆறிய மெஷினைவிடச் சூடான மெஷினைக் கிளப்புவதுதான் படலத்துக்குக் கஷ்டம். 20 டிகிரியில் அதே எண்ணெய் ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும், அப்போது 120-க்குப் பதில் 20 சுற்றுப் பக்கத்திலேயே ஷாஃப்ட் எழும்பிவிடும்.

எனக்கு இந்த வளைகோட்டில் மிகவும் பிடித்த இடம் அதன் அடிப்புள்ளி. அதற்கு வலப்பக்கம் பேரிங் ஓடுகிறது என்று வையுங்கள். ஏதோ காரணத்தால் சூடு ஏறுகிறது, எண்ணெய் நீர்க்கிறது, ηN/P குறைகிறது, அந்தப் பக்கத்தில் அது குறைந்தால் உராய்வும் குறையும், எனவே சூடும் அடங்கும். தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. இடப்பக்கம் இதுவே தலைகீழ்: எண்ணெய் நீர்த்தால் மேடுகள் அதிகம் தொடும், உராய்வு கூடும், சூடு இன்னும் ஏறும், எண்ணெய் இன்னும் நீர்க்கும், கடைசியில் பேரிங் உலோகம் இளகிப் பூசினாற்போல இழுபட்டுவிடும். ஆகவே உராய்வு மிகக் குறைந்த புள்ளியிலேயே ஓட்டலாமே என்று ஆசைப்படுவது ஆபத்து. வடிவமைப்பவர்கள் தெரிந்தே அதற்கு வலப்பக்கம் தள்ளி நிற்கிறார்கள், கொஞ்சம் கூடுதல் உராய்வை விலையாகக் கொடுத்து.

ரொம்பவும் தள்ளிப் போவதும் நல்லதல்ல. வேகம் அதிகமாகவும் சுமை லேசாகவும் இருந்தால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட மையத்துக்கே வந்துவிடும், ஆப்பு மழுங்கிவிடும், ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாத மாதிரி ஆகிவிடும். அப்போது எண்ணெயோடு சேர்ந்து ஷாஃப்ட்டே புஷ்ஷுக்குள் வட்டமடிக்கத் தொடங்கும். அதிர்வு அளவியில் பார்த்தால் சுழல் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான அதிர்வெண்ணில் ஒரு முனை எழுந்து நிற்கும், அதுதான் அடையாளம்.

படலம் எப்போது உருவாகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே வேறு எங்கும் மின்தொடர்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு, மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுத்து மின்தடையை அளக்க வேண்டும். எண்ணெய் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. குறைந்த வேகத்தில் மின்தடை சுழியை ஒட்டிக் கிடக்கும், கலப்பு உயவில் மேலும் கீழுமாகத் துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் எங்கோ ஒரு மேடு தொட்டு விலகுவது. ஒரு வேகத்துக்கு மேல் அது உயரே போய் நிலையாக நிற்கும். பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் பழைய புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தாலே போதும்: தேய்ந்து மினுக்கும் பட்டை சுமை விழும் பகுதியில் மட்டும், மெல்லியதாக இருந்தால் அது கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் ஏற்பட்டது. உலோகம் ஒரு பக்கமாக இழுபட்டு எண்ணெய்ப் பள்ளத்தின் விளிம்பை மூடியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே படலம் போயிருக்கிறது.

பல டன் எடையுள்ள பெரிய டர்பைன்களில் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் ஏற்படும் அந்தத் தேய்மானத்தைக்கூட விடுவதில்லை. நிமிடத்துக்குச் சில சுற்று என்று மெல்லச் சுழற்றும்போது படலம் தானாக உருவாகாது, அதனால் ஷாஃப்ட்டுக்கு அடியிலேயே ஒரு துளை வைத்து அதிக அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தித் தூக்குகிறார்கள். இங்கே மட்டும் பம்ப் உண்மையிலேயே தூக்குகிறது. வேகம் போதுமான அளவு ஏறியதும் அந்தப் பம்பை நிறுத்திவிடுவார்கள்.