உறைந்த தேன் கெட்ட தேனா?

மார்த்தாண்டத்திலிருந்து சித்தி ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பியிருந்தார். ரப்பர் தோட்டத்துத் தேன். மாம்பலத்தில் எங்கள் வீட்டு எறும்புகளுக்குப் பயந்து அதை ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், பாட்டிலின் அடிப்பாதி உறைந்த நெய்போல வெளிர்மஞ்சளாக இறுகிக் கிடந்தது. மேலே மட்டும் கொஞ்சம் தெளிந்த தேன். அம்மா ஸ்பூனால் சுரண்டி, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். ரவைபோல நெருநெருவென்றது. "சித்தியை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. சர்க்கரைப் பாகு இது. கொட்டிடு" என்றார்.

கொட்டவில்லை. அது கலப்படமும் இல்லை, கெடவும் இல்லை. ஆனால் அந்த பாட்டிலைப் பற்றிக் கவலைப்பட வேறொரு காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, தேனில் இருக்கும் தண்ணீரைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

100 கிராம் தேனில் ஏறக்குறைய 18 கிராம் தண்ணீர், 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ் இருக்கும். மற்ற சர்க்கரைகளும் அமிலங்களும் மீதி. தேனீ கொண்டுவரும் மதுரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கூட்டுக்குள் இறக்கையால் விசிறி விசிறி அதை வற்றவைத்து, பதம் வந்த பிறகுதான் தேனீக்கள் அறையை மெழுகால் மூடுகின்றன.

இவ்வளவு வற்றிய சர்க்கரையில் கிருமி ஏன் வளராது என்பதை மாவடு போட்டவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். வழவழவென்றிருந்த வடுவை உப்பில் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தோல் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டோம். வடுவுக்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. தேனில் விழும் பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். சர்க்கரை அதன் உடலிலுள்ள நீரை உறிஞ்சிவிடுகிறது. தேனின் தண்ணீரைச் சர்க்கரை இறுக்கிப் பிடித்துவைத்திருப்பதால், பாக்டீரியா வளரப் போதுமான அளவு மிஞ்சுவதில்லை. போதாததற்குத் தேன் புளிப்பும்கூட. நாக்குக்குத் தெரியாவிட்டாலும் அதன் பிஎச் 4-க்குப் பக்கத்தில் இருக்கும்.

இனி உறைவதற்கு வருவோம். சாதாரண அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 90 கிராம் குளுக்கோஸைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். தேனிலோ 18 கிராம் தண்ணீரில் 31 கிராம் இருக்கிறது. 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 170-ஐத் தாண்டும். தாங்கக்கூடியதைவிடப் பாரம் அதிகம். ஃபிரக்டோஸ் இன்னும் நன்றாகக் கரையக்கூடியது என்பதால் அது அப்படியே இருக்கும். பிரிந்து படிகமாவது குளுக்கோஸ்தான்.

படிகம் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். கற்கண்டு செய்பவர்கள் பாகுக்குள் நூலைத் தொங்கவிடுவது இதற்காகத்தான். தேனில் மகரந்தத் தூளும் மெழுகுத் துணுக்கும் அந்த நூலின் வேலையைச் செய்கின்றன. நன்றாக வடிகட்டிச் சூடாக்கிய கடைத்தேனில் இவை குறைவு என்பதால் அது பல மாதம் தெளிவாகவே நிற்கும். வடிகட்டாத தேன்தான் சீக்கிரம் உறையும். அதனால் உறைந்ததை வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. உறையாததை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. குளுக்கோஸ் மிகுந்த தேன் வேகமாக உறையும்; ரப்பர் தேன் அந்த வகை. (ரப்பர் மரத்தில் தேனீக்கு மதுரம் கிடைப்பது பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து.)

படிகம் மிக வேகமாக வளர்வது 14 டிகிரி செல்சியஸை ஒட்டி. சென்னையின் சமையலறை அலமாரி அந்தப் பக்கமே போகாது. ஏற்காட்டிலோ ஊட்டியிலோ உறையும் தேன் இங்கே தெளிவாக இருப்பது அதனால்தான். நாங்கள்தான் ஃபிரிட்ஜ் கதவில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அந்த வெப்பநிலைக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறோம்.

இப்போது அந்தக் கவலை. குளுக்கோஸ் படிகமாகும்போது 10 கிராமுக்கு 1 கிராம் என்ற அளவில் தண்ணீரையும் உள்ளே எடுத்துக்கொள்ளும். நம் 100 கிராம் தேனில் 15 கிராம் குளுக்கோஸ் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 1.5 கிராம் தண்ணீர் போய்விடும். மிஞ்சும் திரவம் 83.5 கிராம், அதில் தண்ணீர் 16.5 கிராம். அதாவது 18 சதவீதமாக இருந்த ஈரம் இப்போது ஏறக்குறைய 20. முதலிலேயே 20 சதவீதம் ஈரமிருந்த தேன் என்றால் அது 22-க்கு மேல் போய்விடும்.

இந்த இரண்டு சதவீதம் பெரிய வித்தியாசம். அதிகச் சர்க்கரையையும் தாங்கி வாழும் ஈஸ்ட் வகைகள் தேனில் இயல்பாகவே இருக்கின்றன. ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை தூங்கும். 20-ஐத் தாண்டினால் விழித்துக்கொண்டு சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். நம் நாட்டு உணவுத் தரவிதி தேனில் ஈரத்துக்குப் பொதுவாக 20 சதவீதத்தை எல்லையாக வைத்திருக்கிறது. மெழுகு மூடுவதற்கு முன்பே அவசரமாக எடுத்த தேன் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

ஆகவே தேன் கெடும். கெட்டால் தெரியும். மூடியைத் திறக்கும்போது சோடாபோல 'புஸ்' என்று காற்று வரும். மேலே நுரை கட்டும், குலுக்காமலே குமிழி ஏறும், புளித்த மாவையும் கள்ளையும் நினைவூட்டும் வாடை அடிக்கும். வெறுமனே உறைந்த தேனில் இவை எதுவும் இருக்காது. எங்கள் பாட்டிலில் மேலே நின்ற திரவத்தை முகர்ந்து, நக்கிப் பார்த்தேன். தேன் வாசம் மட்டுமே.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. 18 சதவீத ஈரமுள்ள தேன், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும்வரைதான் சும்மா இருக்கும். அதற்கு மேல் போனால் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். நம் ஊரில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். மூடி சரியாகப் பொருந்தாத பாட்டிலில் மேலடுக்கு மெல்ல நீர்த்துப்போகும். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி விடக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் அதட்டுவது தேனுக்கும் பொருந்தும்.

உறைந்ததை இளக்க அடுப்பு வேண்டாம். கை தாங்கும் சூட்டில், 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், மூடியை இறுக்கி பாட்டிலை நிற்கவைத்தேன். நீர் ஆற ஆற மாற்றினேன். இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி இளகியது. பிறகு உலர்ந்த கரண்டியால் அடிவரை கலக்கினேன். மேலே சேர்ந்திருந்த ஈரம் அப்போதுதான் மறுபடி எல்லாப் பக்கமும் பரவும். கொதிக்கவிட்டால் தேனின் நொதிகள் அழியும், மணம் போகும், நிறம் கறுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தேனின் பாதுகாப்பை நம்பக்கூடாது. பொட்டுலிசம் நோயைத் தரும் பாக்டீரியாவின் வித்துகள் சில தேன்களில் இருக்கலாம். தேனில் அவை முளைக்காது, ஆனால் சாகவும் சாகாது. பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்கவிடாது. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் உருவாகியிருக்காது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாவில் தடவும் ஒரு துளியும் இதில் சேர்த்திதான். அந்தத் தேன் தெளிவாக இருந்தாலும் சரி, உறைந்திருந்தாலும் சரி.